நிழல் அசல், அகலம் பொய்

சோஃபா வாங்கும் முன், போன் கேமராவில் தெரியும் நம் அறைக்குள் பொருளின் உருவத்தை வைத்துக் காட்டும் ஏஆர் செயலியில் பார்த்து முடிவு செய்யலாமா என்று நண்பர் கேட்டார். நெடுநாளாக அந்தச் செயலியைப் பயன்படுத்துகிறேன். ஒரு குறை மட்டும் இன்றுவரை எரிச்சலூட்டுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தைக் கணிப்பதில் இதற்கு நூற்றுக்கு நூறு தரலாம். ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு பலம், என்ன நிறம் என்பதையெல்லாம் கேமரா காட்சியிலிருந்தே ஊகித்துக்கொள்கிறது. ஜன்னல் இடப்பக்கம் இருந்தால் நிழல் வலப்பக்கம் விழுகிறது. மாலையில் விளக்கைப் போட்டதும் சாம்பல் நிறத் துணியில் மெல்ல மஞ்சள் ஏறுகிறது. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

சிக்கல் அளவில்தான். சோஃபாவின் மாதிரியில் பிழை இல்லை, 200 செ.மீ. என்றால் 200தான். தரை எங்கே இருக்கிறது என்று செயலி கணிப்பதில்தான் தவறு. சிறியது அருகில் இருக்கிறதா, பெரியது தொலைவில் இருக்கிறதா என்பதைக் கேமரா காட்சியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. போன் நகரும் வேகமாற்றத்தை உள்ளே இருக்கும் உணரி அளந்து சொல்ல வேண்டும். அதனால் நின்ற இடத்திலேயே போனைத் திருப்பினால் போதாது, பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். வழவழப்பான தரையில் இன்னொரு வம்பு: தரையை அடையாளம் காணப் பற்றிக்கொள்ளும் புள்ளிகள் கிடைக்காமல், செயலி தரையில் தெரியும் விளக்கின் பிரதிபலிப்பைப் பிடித்துக்கொள்கிறது. பிரதிபலிப்பு தரைக்குக் கீழே இருப்பதுபோல் தெரிவதால் செயலி கணிக்கும் தரையும் கீழே இறங்கிவிடுகிறது.

போனை 140 செ.மீ. உயரத்தில் பிடித்திருக்கிறோம், தரை 14 செ.மீ. கீழே கணிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். திரையில் நாம் தொட்ட இடத்தைவிட சோஃபா பத்தில் ஒரு பங்கு கூடுதல் தொலைவில் போய் உட்காரும். 200 செ.மீ. அகலம் திரையில் சுமார் 182 ஆகத் தெரியும். சுவருக்கும் கதவுக்கும் நடுவே 185 செ.மீ. இடைவெளியில் அது அழகாகப் பொருந்தும். வீட்டுக்கு வந்த அசல் நுழையாது!

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. திரையில் சோஃபாவின் காலை ஒரு டைல்ஸ் இணைப்பில் வைத்துவிட்டு, வலப்பக்கம் இரண்டடி நகருங்கள். காலும் உங்களோடு வலப்பக்கம் வழுக்கினால் தரை கீழே போயிருக்கிறது என்று பொருள். விளக்கை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், கோலமிட்ட பாயையோ செய்தித்தாளையோ விரித்து, போனை நகர்த்தியபடி மறுபடி தரையைப் பிடிக்கச் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒளியை அனுப்பித் தொலைவை நேரடியாக அளக்கும் லைடார் உள்ள போன்களில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது.

எனக்குக் கோபம் வேறொன்றில். நிழல் கால்களுக்கடியில் அவ்வளவு கச்சிதமாகப் படிவதால்தான் பொய்யான அளவைக் கண் நம்பிவிடுகிறது. பிடிமானப் புள்ளிகள் சொற்பமே என்பது செயலிக்குத் தெரியும். ஆனாலும் ஓர் எச்சரிக்கை வரி இல்லை, 'வைக்கலாம்' என்ற பொத்தான் மட்டும் பளிச்சென்று வந்து நிற்கிறது.

நண்பருக்கு என் பதில்: நிறத்தை இதில் பாருங்கள், அகலத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். வெளிச்சத்துக்கு அத்தனை பாராட்டும் உரியதே. இருந்தாலும் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் தருகிறேன். தரை உறுதியாகவில்லை என்று செயலியே சொல்லும் வரை அதற்கு மேல் தர மனமில்லை.