நிறுத்தச் சொன்ன பாலும் வந்து சேர்ந்த பில்லும்

டொரொண்டோவிலிருந்து கிளம்பும்போதே மனதில் இருந்தது அம்மா போடும் காலைக் காபிதான். அந்தக் காபிக்கான பால் கணக்கு இந்தப் பயணத்தில் இவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கவில்லை.

குரோம்பேட்டை வீட்டில் அம்மா தனியாக இருப்பதால் தினம் இரண்டு அரை லிட்டர் பாக்கெட் போதும். ஏஜென்ட் ஒருவரிடம் மாதக் கணக்கு. விடிவதற்குள் கேட்டில் தொங்கும் பையில் பால் விழுந்துவிடும். மாதம் முடிந்ததும் அம்மாவின் போனுக்கு ஒரே தொகையாக பில் வரும். நாங்கள் குழந்தைகளோடு வந்ததால் ஜனவரி 6ஆம் தேதியிலிருந்து நான்கு பாக்கெட்டாகப் போடச் சொன்னோம். பொங்கலுக்குத் தஞ்சாவூர் போவதால் 13 முதல் 17 வரை பால் வேண்டாம் என்று இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். "ஓகே சார்" என்று பதிலும் வந்தது.

18ஆம் தேதி விடியற்காலையில் ஆட்டோவிலிருந்து இறங்கினால் தெருவே புளித்த வாடை. கேட்டுப் பை தரையைத் தொடும் அளவுக்குத் தொங்குகிறது. உள்ளே அன்றைக்கு வந்த நான்கு பாக்கெட்டுக்கு அடியில் பத்துப் பழைய பாக்கெட். கீழே கிடந்தவை தலையணை மாதிரி உப்பியிருந்தன. ஒன்று வெடித்து, தயிரும் தண்ணீருமாகப் பிரிந்து, காம்பவுண்டுச் சுவரில் கோடு போட்டு வழிந்து காய்ந்திருந்தது. பயணக் களைப்போடு அம்மா முதலில் செய்த வேலை பினாயில் ஊற்றிக் கழுவியது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பூட்டிய வீட்டு வாசலில் ஐந்து நாளாகப் பால் தொங்கினால், வீட்டில் ஆளில்லை என்று ஊருக்கே அறிவித்த மாதிரிதானே?

மாதக் கடைசியில் பில் வந்தது. 3,240 ரூபாய். அவ்வளவுதான். எந்தத் தேதிக்கு எத்தனை என்ற விவரம் எதுவும் கிடையாது. ஆனால் அம்மாவிடம் விவரம் இருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் வழக்கமான நாட்களை அவர் விட்டுவிடுவார். மாறின நாளில் மட்டும் பென்சிலால் எழுதுவார். 6ஆம் தேதிக் கட்டத்தில் "4 ஆச்சு". 13லிருந்து 17 வரை ஒரு கோடு. உறவுக்காரர்கள் சாப்பிட வந்த 24இல் "+4, பாயசம்". பசு மாடு கறந்து ஊற்றின பால்காரர் காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. அவரும் தன் நோட்டில் இதே மாதிரி எழுதுவார். முதல் தேதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பணம் கொடுப்பது வழக்கம்.

காலண்டரை வைத்துக் கூட்டினேன். முதல் ஐந்து நாள் இரண்டிரண்டாக 10. அடுத்த ஏழு நாள் நான்கு நான்காக 28. ஊரில் இல்லாத ஐந்து நாளுக்கு ஒன்றுமில்லை. 18 முதல் 31 வரை பதினான்கு நாளுக்கு 56. பாயசத்துக்கு 4. மொத்தம் 98 பாக்கெட், ஒன்று 30 ரூபாய் என்றால் 2,940. பில்லில் 300 ரூபாய் அதிகம், அதாவது பத்துப் பாக்கெட். பையில் உப்பிக் கிடந்த அதே பத்து!

இங்கேதான் எனக்கு உறைத்தது. பால் நிற்கவே இல்லை என்றால் தினம் நான்கு வீதம் இருபது வந்திருக்க வேண்டும். ஒழுங்காக நின்றிருந்தால் ஒன்றுகூட வந்திருக்கக் கூடாது. பாதி மட்டும் எப்படி நிற்கும்?

நேரே ஏஜென்ட் கடைக்குப் போனேன். "போட்ட பாலுக்குத்தான் சார் பில்லு, பையன் போட்டிருக்கான்ல" என்றார். போட்டது உண்மை, வேண்டாம் என்று சொன்னதும் உண்மை. வாட்ஸ்அப்பைக் காட்டியதும் தன் போனைத் திறந்தார். எங்கள் வீட்டு எண் அதில் இரண்டு வரியில் இருந்தது. முதல் வரியில் பழைய இரண்டு பாக்கெட், பக்கத்தில் "13–17 நிறுத்தம்" என்று மஞ்சளில். இரண்டாவது வரியில் 6ஆம் தேதி சேர்த்த இரண்டு பாக்கெட், அதன் பக்கத்தில் ஒன்றுமில்லை. நான்காக மாற்றச் சொன்னபோது பழைய ஆர்டரைத் திருத்தாமல் புதிதாக இன்னொரு ஆர்டரைப் போட்டிருக்கிறார்கள். நிறுத்தச் சொன்னது வீட்டுக்கு. நின்றதோ ஒரு ஆர்டர் மட்டும்.

பால் போடும் பையனைக் குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் அவன் கையில் இருப்பது ஒரு பட்டியல். வீட்டு எண், எதிரே எண்ணிக்கை. அதில் 2 என்றிருந்தால் இரண்டைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். "பூட்டியிருக்குன்னு பார்த்தேன் அண்ணா, லிஸ்ட்ல இருக்கேன்னு போட்டேன்" என்றான். பழைய பால்காரர் பூட்டைப் பார்த்தால் திரும்பிப் போய் டீக்கடையில் ஊற்றிவிடுவார். இவனுக்கு அந்த உரிமை இல்லை.

முதல் நாள் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்ற கெடுவையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். நாளைக்கு எத்தனை பாக்கெட் என்று ஏஜென்ட் அன்றைக்கே பால் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும், மிஞ்சினால் அவர் தலையில்தான் விழும். ஆனால் நாங்கள் கெடுவுக்கு முன்பே சொன்னோமே! டொரொண்டோவில் நாலு லிட்டர் பையை, உள்ளே மூன்று சின்னப் பையாக, வாரம் ஒரு தடவை கடையிலிருந்து தூக்கி வருகிறோம். வாசலில் யாரும் கொண்டுவந்து போடுவதில்லை. அங்கே இந்தச் சொகுசு கிடையாது. ஆனால் கடை ரசீதில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரி இருக்கும், தப்பு இருந்தால் விரல் வைத்துக் காட்டலாம். இங்கே மாதம் முழுக்கத் தினம் வாங்கும் பொருளுக்கு ஒற்றைத் தொகை. காலண்டர் இல்லாத வீட்டில் அந்த 300 போனதே தெரிந்திருக்காது.

கொஞ்ச நேரம் வாதாடியபின் அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் இந்த மாத பில்லைத் திருத்த முடியாதாம், அடுத்த மாதத்தில் கழிப்பாராம். அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். இரண்டு ஆர்டரையும் நீக்கிவிட்டு நான்கு பாக்கெட்டுக்கு ஒரே ஆர்டராகப் போடச் சொல்லி, அவர் போனில் ஒரே வரியாக வந்ததைப் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன்.

ஊரில் பெற்றோருக்கு மாதக் கணக்கில் பாலோ டிபனோ வருகிறதென்றால், விடுமுறைக்குப் போய் அளவைக் கூட்டும்போது ஏஜென்டிடம் இதைக் கேளுங்கள்: "பழைய ஆர்டரையே மாத்திட்டீங்களா, புதுசா ஒண்ணு போட்டீங்களா?" நிறுத்தச் சொல்லும்போது "13ஆம் தேதி எங்க வீட்டுக்கு எத்தனை பாக்கெட்?" என்று கேட்டு, பூஜ்யம் என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். "ஓகே" போதாது. திரும்பக் கிளம்பும்போதும் இதே சிக்கல் உண்டு. நான்கை இரண்டாகக் குறைக்கச் சொல்லும் அன்று இரண்டு வரி இருந்தால், ஒன்றை நீக்குவார்களா, இரண்டையும் பாதியாக்குவார்களா என்பது அந்த போனைத் தட்டுகிறவர் கையில்.

நாங்கள் கிளம்பும் தேதிக் கட்டத்தில் அம்மா "2 போதும்" என்று எழுதியாயிற்று. பிப்ரவரி 28க்குக் கீழே "300 கழிக்கணும்" என்றும் எழுதியிருக்கிறார். பில் வந்ததும் எனக்குப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.