ப்ரிபோனா, ரிவர்ட் பேக்கா: எதை முதலில் திருத்துவது?

சென்னையிலிருந்து அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குப் போகும் மெயில்களைச் சில வருடங்களாகப் படித்துத் திருத்தி அனுப்பி வருகிறேன். தவிர்க்க வேண்டிய சொற்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் ப்ரிபோன், ரிவர்ட் பேக் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். ஆனால் இரண்டும் ஒரே ரகத் தவறு இல்லை.

முதலில் ப்ரிபோன். போஸ்ட்போனுக்கு எதிராக நம் ஊரில் புழங்கும் சொல் இது. இந்திய வழக்கு என்ற குறிப்போடு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. முதல்முறை பார்க்கும் அமெரிக்கர் ஒரு நொடி தயங்குவார், போஸ்ட்போனை நினைத்து ஊகித்துவிடுவார். அந்தச் சொல்லுக்கு அவரிடம் வேறு அர்த்தம் எதுவும் இல்லாததால் தப்பாகப் புரிந்துகொள்ள வழியில்லை. புரியவில்லை என்றால் கேட்டுவிடுவார்.

சிக்கல் அதைத் திருத்தும்போதுதான் வருகிறது. பலர் ப்ரிபோனை அடித்துவிட்டு 'மூவ் ஃபார்வர்ட்' என்று போடுகிறார்கள். புதன்கிழமை மீட்டிங் இரண்டு நாள் 'மூவ்ட் ஃபார்வர்ட்' என்றால் இப்போது எந்தக் கிழமை என்று ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களிடம் உளவியல் ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரு பகுதியினர் திங்கள் என்றார்கள், இன்னொரு பகுதியினர் வெள்ளி என்றார்கள். தமிழில் 'மீட்டிங்கை முன்னாடி வச்சுட்டாங்க' என்றால் யாருக்கும் குழப்பம் வராது. அதை அப்படியே ஃபார்வர்ட் ஆக்கும்போது தெளிவு போய்விடுகிறது. இந்தத் திருத்தத்துக்குப் பழைய ப்ரிபோனே மேல். இரண்டையும்விட நல்லது பழைய தேதி, புதிய தேதி, நேரம் மூன்றையும் எழுதிவிடுவது. அதற்கப்புறம் எந்த வினைச்சொல் போட்டாலும் பரவாயில்லை.

ரிவர்ட் விஷயம் வேறு. நமக்கு அது பதில் சொல்வது. அமெரிக்கருக்கோ பழைய நிலைக்குத் திரும்புவது. மென்பொருள் வேலையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் `git revert` என்பது தினமும் தட்டும் கட்டளை; செய்த மாற்றத்தை ரத்து செய்வது என்று அதற்குப் பொருள்.

எங்கள் டீமில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை புதிய பதிப்பை ஏற்றி முடித்தோம். அறிக்கைப் பக்கம் ஏன் மெதுவாக வருகிறது என்று நியூயார்க்கிலிருந்து கேட்டார்கள். 'பார்த்துக்கொண்டிருக்கிறோம், இரவு 9 மணிக்குள் ரிவர்ட் செய்கிறோம்' என்று எங்கள் பையன் ஆங்கிலத்தில் பதில் போட்டான். கோடைக்காலம், அங்கே அது காலை 11.30. பதிப்பையே திரும்ப எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து, அதை நம்பியிருந்த தங்கள் பயனாளர்களுக்கு அவர்கள் அறிவிப்பு அனுப்பிவிட்டார்கள். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு வாக்கியம் தெளிவாகப் புரிந்துவிட்டது. இந்த ரகத் தவறை இதை வைத்தே அடையாளம் காணலாம்: திரும்பிக் கேள்வி வராது, நாம் எதிர்பார்க்காத வேலை ஒன்று நடந்திருக்கும்.

இங்கே 'பேக்' மட்டும் அதிகம் என்று அதை வெட்டுகிறவர்கள் உண்டு. இலக்கணம் சரியாகிவிடும், ஆபத்து அப்படியே இருக்கும். மாற்ற வேண்டியது ரிவர்ட்டை. 'ரிப்ளை' போதும். சிங்கப்பூர், மலேசியா டீம்களோடு மட்டும் வேலை என்றால் இந்தக் கவலை குறைவு. அங்கேயும் பதில் சொல்வதற்கு ரிவர்ட் என்றுதான் எழுதுகிறார்கள்.

டவுட்டும் ரிவர்ட் கூட்டம்தான். கேள்வி, நம்பிக்கையின்மை இரண்டுக்குமே நாம் 'சந்தேகம்' என்று சொல்வதுண்டு. 'உங்கள் டிசைனில் எனக்கு டவுட்' என்று எழுதினால் டிசைன் தேறாது என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். 'க்வெஸ்சன்' என்று போட்டால் முடிந்தது.

சரி, எப்படித் திருத்துவது? மெயில் செயலியின் ஆட்டோகரெக்ட்டில் ரிவர்ட்டுக்குப் பதில் ரிப்ளை என்று போட்டு வைப்பது சிலருடைய வழி. வேகமானதுதான், ஆனால் உண்மையிலேயே கோட் மாற்றத்தை ரிவர்ட் செய்யச் சொல்லும் மெயிலும் 'கோட் மாற்றத்தை ரிப்ளை செய்யவும்' என்று மாறிவிடும். டீம் லீட் சத்தமில்லாமல் திருத்தி அனுப்புவது பத்திரமானது. வாடிக்கையாளருக்கு அவசரமாகப் போகும் மெயிலுக்கு நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் எழுதியவருக்குத் திருத்தம் தெரியாது, அடுத்த வாரம் அதே சொல் வரும். மற்ற நாட்களில் அந்த ஒரு வரியை மட்டும் தனியாக அனுப்பி, 'இதை அவங்க எப்படிப் படிப்பாங்க தெரியுமா?' என்று கேட்டு, எழுதியவரையே மாற்ற வைக்கிறேன். குரூப்பில் எல்லோர் முன்னாலும் கேட்பதில்லை. கேட்டால் பயந்துபோய் அடுத்த மெயிலைச் சுருக்கிவிடுவார்கள், தேவையான விவரமும் சேர்ந்து போய்விடும். ஒரு தடவைக்கு ஒரு சொல்தான், அதுவும் ரிவர்ட், டவுட் ரகம் மட்டும். ப்ரிபோன் வந்தால் பக்கத்தில் தேதி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அப்படியே போகட்டும்.