ஏறி இறங்கும் வருமானம்: வரிக்கு மாதம் ஒரே தொகையா, விகிதமா?

சென்ற ஆண்டு லாபம் 8,00,000, வரி 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 10,000 ஒதுக்குவது ஒரு வழி. வருகிற பணத்தில் செலவு போக மிஞ்சுவதில் 15 சதவீதம் எடுத்து வைப்பது மற்றொன்று.

நிலையான தொகை வறண்ட மாதத்தில்தான் உடைகிறது. லாபம் 15,000 என்றால் கைக்கு 5,000 மட்டுமே மிஞ்சும். விகித முறையில் ஒதுக்குவது வெறும் 2,250. நிலையான தொகை முறையில் பலர் அந்த மாதத்தை விட்டுவிடுவார்கள், பிறகு ஈடுசெய்வதும் இல்லை. ஆண்டு முடியுமுன்பே கட்டும் முன்வரித் தவணையைச் சென்ற ஆண்டு வரியை வைத்தே கட்ட அனுமதிக்கும் நாடுகளில் மட்டும் இம்முறைக்கு மதிப்புண்டு.

விகிதமே மேல். ஆனால் அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது: 15 என்பது சராசரி. லாபம் 12,00,000 ஆகி, கூடுதல் 4,00,000 முழுவதும் 30 சதவீத வரி அடுக்கில் விழுந்தால், வரி 2,40,000. ஒதுக்கியதோ 1,80,000, துண்டு 60,000. (நிலையான தொகையில் துண்டு 1,20,000!)

எனவே ஆண்டுத் தொடக்கத்திலிருந்து லாபத்தைக் கூட்டி வாருங்கள். 8,00,000 தாண்டிய நாள் முதல் ஒதுக்கீட்டை 30 சதவீதமாக்கினால் துண்டு விழாது. பணம் தருபவரே வரி பிடித்திருந்தால், அந்தத் தொகையை உங்கள் ஒதுக்கீட்டிலிருந்து கழித்துவிடலாம்.