சிம்மில் வைத்ததும் எந்தச் சட்டி சொன்னபடி கேட்கிறது?

எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறையாவது மீன் வறுவல் உண்டு. ஏழு வருடமாக நான்கு விதச் சட்டிகளில் மாறி மாறி வறுக்கிறேன்: நான்-ஸ்டிக், அடிமுழுக்க மூன்று அடுக்கு உள்ள எவர்சில்வர், வார்ப்பிரும்பு, கார்பன் ஸ்டீல். எல்லாம் ஒரே கேஸ் அடுப்பில்தான். வறுவலில் நான் கவனிப்பது இரண்டு விஷயம். குளிர்ந்த மீனைப் போட்டதும் சட்டியின் சூடு எவ்வளவு இறங்குகிறது? மசாலா கருகப் போகிறது என்று தீயைக் குறைத்தால், சட்டி அதை எவ்வளவு சீக்கிரம் ஏற்கிறது?

வார்ப்பிரும்பை வாங்கிய புதிதில் வஞ்சிரம் வறுத்தேன். முதல் நான்கு துண்டும் அருமையாக மொறுமொறுத்தன. அடுத்த நான்கைப் போட்டுவிட்டு உடனே சிம்மில் வைத்தேன். இருந்தும் மிளகாய்த்தூள் கறுத்து, நெடி ஏறி, வீடே இருமியது. மீனோ உள்ளே சரியாக வேகவில்லை. தீ குறைந்தாலும் சட்டிக்குள் ஏறியிருந்த சூடு குறையவில்லை. இரண்டரைக் கிலோ இரும்பு வாங்கி வைத்த சூட்டை விட்டுக்கொடுக்க சில நிமிடமாவது ஆகும். அதன் பலமே வறுவலில் பலவீனமாகிறது. குளிர்ந்த துண்டுகளைப் போட்டாலும் சூடு அதிகம் இறங்காது, அதனால் மேல்தோல் சீக்கிரம் பிடிக்கும். ஆனால் ஏறிய சூட்டை அவசரத்துக்கு இறக்க முடியாது. இப்போதெல்லாம் மீனைத் திருப்புவதற்கு ஒரு நிமிடம் முன்பே தீயைக் குறைத்துவிடுகிறேன்.

கனமான இரும்பில் சூடு சமமாகப் பரவும் என்று பலரும் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். ஒருநாள் காய்ந்த சட்டியில் மைதாவை மெல்லிசாகத் தூவி, பெரிய தீயில் வைத்துப் பார்த்தேன். பர்னர் வளையத்துக்கு நேர் மேலே மாவு பழுப்பாகி, பிறகு கறுத்தது. ஓரத்து மாவு வெள்ளையாகவே இருந்தது. இரும்பு சூட்டைப் பிடித்து வைக்கும், ஆனால் பக்கவாட்டில் மெதுவாகத்தான் கடத்தும். அதனால் சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் வைத்து, நடுவில் சட்டியைக் கால்வட்டம் திருப்பிவிட்டால்தான் ஓரத்துத் துண்டும் நடுத்துண்டும் ஒரே மாதிரி சிவக்கும்.

எவர்சில்வரில் இந்தச் சிக்கல் குறைவு. எவர்சில்வர் தனியாக இருந்தால் இரும்பைவிட மோசமாகச் சூட்டைக் கடத்தும். நடுவில் உள்ள அலுமினியத் தகடுதான் சூட்டைப் பரப்புகிறது. அதனால் மாவு ஏறக்குறைய ஒரே நிறத்தில் சிவந்தது. இதில் ஒட்டிக்கொள்வதுதான் தொல்லை. தண்ணீர்த் துளி தெளித்தால் சீறி ஆவியாகாமல் முத்துப்போல உருண்டு ஓட வேண்டும். அந்தச் சூடு வந்த பிறகு தீயைக் கொஞ்சம் தணித்து, துளியைத் துடைத்து எண்ணெய் விட்டு, ஈரம் ஒற்றியெடுத்த மீனைப் போட வேண்டும். மூன்று நிமிடம் தொடவே கூடாது. ஓரத்தில் தோசைத்திருப்பியை நுழைக்கும்போது பிடித்து இழுத்தால் அடிப்பக்கம் இன்னும் மொறுக்கவில்லை என்று அர்த்தம். மொறுத்தால் தானாக விடும். இவ்வளவு செய்தும் குழைவான மசாலா கொஞ்சம் அடியில் தங்கத்தான் செய்கிறது. அதில் வெங்காயம் தக்காளி போட்டுக் கிளறிவிடுவேன். புளியும் எலுமிச்சையும் இந்தச் சட்டியை ஒன்றும் செய்யாது.

கார்பன் ஸ்டீல்தான் இப்போது என் வறுவல் சட்டி. நம் சந்தையில் கிடைக்கும் தகட்டு இரும்புத் தோசைக்கல்லுக்கு நெருங்கிய சொந்தம் இது. உலோகம் ஏறக்குறைய வார்ப்பிரும்பு மாதிரிதான், ஆனால் என்னுடையது இரண்டு மில்லிமீட்டர் கனம். வார்ப்பிரும்பில் பாதிகூட இருக்காது. மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும். தீயைத் தணித்தால் எண்ணெயின் சடசடப்பு அரை நிமிடத்திலேயே அடங்குவது காதில் கேட்கும். அந்த அரை நிமிடம்தான் மிளகாய்த்தூளைக் காப்பாற்றுகிறது. நன்றாகப் பழகிய பிறகு மீனும் ஒட்டுவதில்லை. ஆனால் நிறையத் துண்டுகளை அடுக்கினால் சூடு சட்டென்று இறங்கி, மீன் தண்ணீர் விட்டு வெந்துபோகும். ஆகவே ஒரு ஈட்டுக்கு மூன்று துண்டுதான். மசாலாவில் எலுமிச்சை அதிகம் சேர்த்து ஊற வைத்தால் பழக்கிய கறுப்புப் படலம் ஆங்காங்கே உரிகிறது. அப்போது கழுவித் துடைத்து, எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, புகையும் வரை காய்ச்சுவேன்.

நான்-ஸ்டிக் முட்டைக்கு நன்று. அலுமினிய உடம்பு என்பதால் தீயின் பேச்சை உடனே கேட்கும். ஆனால் வறுவலுக்குத் தேவையான பெருஞ்சூட்டை அதற்குக் கொடுக்க முடியாது. சுமார் 260 டிகிரிக்கு மேல் பூச்சு சிதையத் தொடங்கும், வெறும் சட்டி பெரிய தீயில் சில நிமிடத்திலேயே அங்கே போய்விடும். நான் எண்ணெய் விட்ட பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன், நடுத்தீயைத் தாண்டுவதில்லை. அந்தத் தீயில் மீன் வேகிறது, உடையாமல் வருகிறது. ஆனால் கார்பன் ஸ்டீலில் வருகிற மொறுமொறுப்பு இல்லை. நெத்திலி மாதிரிச் சின்ன மீனில்தான் அந்தக் குறை பளிச்சென்று தெரியும்.