‘உரிய பிடித்தங்கள் போக’ என்று வந்தால் ‘மிக்க நன்றி’ என்று பதில் போட்டுவிடாதீர்கள்

கல்லூரி விழா, நூலக வார விழா, பள்ளி ஆண்டு விழா என்று திருநெல்வேலிப் பக்கம் பேசப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பெரும்பாலும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னிடம் மூவாயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்ததற்கு ‘வரி’ என்று பெயர் சொன்னார்கள். அந்த வரி அரசாங்கத்துக்குப் போகவே இல்லை.

பொதுப்பணித் துறையில் இருந்தவன் நான். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளைப் பற்றியும், குறிப்பாகக் கன்னடியன் கால்வாயைப் பற்றியும் கூப்பிட்ட இடத்தில் பேசுவேன். 2025 ஆகஸ்ட் மாதம் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் தண்ணீர் பற்றிய கருத்தரங்கு. கல்லூரி நேரடியாக நடத்தவில்லை. விழா ஏற்பாட்டுக்காரர் ஒருவரிடம் மொத்தமாக விட்டிருந்தார்கள். அவர்தான் எனக்குப் போன் செய்தார். “பதினஞ்சாயிரம் பேசியிருக்கோம் அண்ணாச்சி, உங்க கைக்கு வந்துரும்” என்றார். சரி என்றேன்.

அன்று ராத்திரி நானே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. அனுப்பியது இவ்வளவுதான்:

“ஆகஸ்ட் 20ஆம் தேதி காலை 10 மணிப் பேச்சுக்கு 15,000 ரூபாய் என்று சொன்னீர்கள். வரி பிடிப்பீர்களா? பிடித்தால் எவ்வளவு? பணம் எந்தத் தேதிக்குள் கணக்கில் வரும்? இதை எழுத்தில் உறுதிசெய்யவும்.”

உடனே பதில் வந்தது. “அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் செம்மையா எழுதி எங்க லெட்டர்பேடுலயே அனுப்புதேன். கல்லூரி ஃபைல்ல வைக்கணும்லா.” மறுநாள் பிடிஎஃப் ஆக வந்ததில் இருந்த பகுதியை அப்படியே தருகிறேன்:

“நீரியல் துறையில் தங்களது நெடிய அனுபவத்தைப் போற்றும் வகையில், தங்கள் மேலான உரைக்குத் தக்க மதிப்பூதியம், அரசு விதிகளின்படி உரிய பிடித்தங்கள் போக, விழா நிறைவுற்ற பின் கூடிய விரைவில் தங்கள் திருக்கரங்களில் சேர்ப்பிக்கப்படும் என்பதைப் பெருமகிழ்வுடன் உறுதிசெய்கிறோம்.”

படித்ததும் எனக்கு மனசு குளிர்ந்துபோனது உண்மை. ‘மிக்க நன்றி, சம்மதம்’ என்று பதில் போட்டேன். இப்போது ஒரு தடவை என் செய்தியையும் அவர் அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் மூன்று கேள்வி கேட்டிருந்தேன். 15,000 என்ற எண் ‘தக்க’ ஆகிவிட்டது. வரி எவ்வளவு என்பது ‘உரிய’ ஆகிவிட்டது. தேதி ‘கூடிய விரைவில்’ ஆகிவிட்டது. செம்மைப்படுத்துகிறேன் என்று சொல்லி மூன்று எண்ணையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று மரியாதைச் சொல்லை வைத்திருக்கிறார். ‘உறுதிசெய்கிறோம்’ என்று முடிகிற அந்த வாக்கியத்தில் உறுதி செய்யப்பட்டது எதுவுமே இல்லை.

கல்லிடைக்குறிச்சியில் காலை ரயில் பிடித்துப் போய் ஒன்றரை மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் நன்றாகக் கேட்டார்கள், அதில் எனக்குக் குறையே இல்லை. செப்டம்பர் போனது, தீபாவளி போனது. டிசம்பர் 11ஆம் தேதி கணக்கில் 12,000 வந்தது. மீதி எங்கே என்று கேட்டேன். “டிடிஎஸ் அண்ணாச்சி. நீங்க பான் தரலைல்லா, அதான் இருபது சதவீதம். லெட்டர்லயே ‘பிடித்தங்கள் போக’ன்னு போட்டிருக்கோம், நீங்களும் சம்மதம்னு சொல்லியிருக்கீங்க” என்றார். பான் எண்ணை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு ஆடிட்டர் தம்பி இருக்கிறார். அவர் உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

இப்படிப் பேச்சுக்குத் தருகிற பணத்தைத் தொழில்முறைக் கட்டணமாக எடுத்துக்கொண்டு, அப்போது நடப்பில் இருந்த வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் 10 சதவீதம் பிடிப்பதுதான் வழக்கம். ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. ஒரே நிறுவனம் ஒரே நிதியாண்டில் ஒருவருக்குத் தருகிற தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும். 2025 மார்ச் வரை இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் 50,000. எனக்கு அவர் தந்தது ஒரே ஒரு பேச்சுக்கு 15,000. ஆக, பிடிக்கவே தேவையில்லை. பான் இல்லாவிட்டால் 20 சதவீதம் என்பது சட்டத்தில் இருப்பதுதான், ஆனால் அது வரி பிடிக்க வேண்டிய தொகைக்கு மட்டும். பிடிக்கவே வேண்டாத பணத்துக்கு 20 சதவீதம் எங்கிருந்து வந்தது?

“சரி, தப்பாப் பிடிச்சிட்டாங்கன்னே வச்சுக்குவோம். உங்க பான்ல கட்டியிருந்தா ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிரலாம் சார். கட்டியிருக்காங்களான்னு பாப்போம்” என்றார் தம்பி. பிடித்தவர்கள் அந்தப் பணத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். பிறகு காலாண்டுக் கணக்கில் யாரிடம் எவ்வளவு பிடித்தோம் என்று பான் எண்ணோடு தாக்கல் செய்ய வேண்டும். டிசம்பரில் பிடித்ததற்கு அந்தக் கணக்கின் கடைசி நாள் ஜனவரி 31. அதற்குப் பிறகு, நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்தத் தொகை தெரிய வேண்டும். வரி பிடித்ததற்கு 16ஏ என்ற சான்றிதழும் அவர்கள் தர வேண்டியிருந்தது. அந்த டிசம்பரிலேயே ஏற்பாட்டுக்காரருக்குப் பான் எண்ணை அனுப்பி, காலாண்டுக் கணக்கில் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரிக் கடைசியில் தம்பி என் 26ஏஎஸ்-ஐ எடுத்துப் பார்த்தார். ஓய்வூதியத்தில் பிடித்த வரி இருந்தது, வங்கி வட்டியில் பிடித்தது இருந்தது. இவர்கள் பெயரே இல்லை. உடனே அவர், “அவங்க டான் நம்பரைக் கேளுங்க சார்” என்றார்.

டான் என்பது வரி பிடிக்கிறவர்களுக்கு வருமான வரித் துறை தருகிற எண். பத்து இடம்: நான்கு எழுத்து, ஐந்து இலக்கம், கடைசியில் ஒரு எழுத்து. இந்த எண் இல்லாமல் பிடித்த வரியை முறையாகக் கட்டிக் கணக்குத் தாக்கல் செய்ய முடியாது. வருமான வரித் துறையின் incometax.gov.in தளத்தில் Know TAN Details என்று ஒரு இடம் இருக்கிறது. பெயரையோ எண்ணையோ போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஏற்பாட்டுக்காரரிடம் கேட்டேன். முதலில் ஜிஎஸ்டி எண்ணை அனுப்பினார். அது இல்லை, டான் வேண்டும் என்றேன். இரண்டு நாள் கழித்து “ஆடிட்டர்ட்ட கேக்கணும்” என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. தளத்தில் தேடியபோதும் அவர்கள் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை.

கல்லூரி அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்தேன். அங்கிருந்த கணக்கர் நல்ல மனுஷன், ஃபைலை எடுத்தே காட்டினார். ஏற்பாட்டுக்காரர் கொடுத்த பில்லில் ‘பேச்சாளர் மதிப்பூதியம் 15,000’ என்று என் பெயருக்கு நேரே இருக்கிறது. கல்லூரி அதை முழுசாகக் கொடுத்துவிட்டது. ஆக மூவாயிரம் நடுவில்தான் நின்றிருக்கிறது. அதே பில்லில் இன்னும் ஐந்து பேச்சாளர்கள் பெயர் இருந்தது. அவர்களில் எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் பேசினேன். இரண்டு பேருக்கும் இதே கடிதம், இதே ‘திருக்கரங்கள்’, இதே இருபது சதவீதம். இரண்டு பேருமே வரிதானே என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பணம் இன்றுவரை வரவில்லை.

இப்போது யார் பேசக் கூப்பிட்டாலும், உறுதிக் கடிதம் இப்படி இருக்க வேண்டும் என்று நானே எழுதி அனுப்பிவிடுகிறேன். மரியாதையாக எழுதுவதில் தப்பே இல்லை, ஆனால் எண்கள் அப்படியே நிற்க வேண்டும்:

“வணக்கம். ஆகஸ்ட் 20 அன்று தாங்கள் ஆற்றவுள்ள உரைக்கு மதிப்பூதியம் ரூ.15,000, பிடித்தத்துக்கு முந்தைய தொகை. இந்த நிதியாண்டில் தங்களுக்கு நாங்கள் வேறு தொகை தரவில்லை என்பதால் வரிப் பிடித்தம் இல்லை. ரூ.15,000 முழுவதும் ஆகஸ்ட் 29க்குள் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். பயணச் செலவு இதில் சேராது, ரயில் சீட்டைக் கொடுத்தால் தனியாகத் தரப்படும். பணம் தருபவர்: (நிறுவனத்தின் பெயர்). தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்.”

‘பிடித்தத்துக்கு முந்தைய தொகை’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். போனில் ‘கைக்கு வந்துரும்’ என்று சொன்னதை அப்புறம் ‘மொத்தத் தொகையைத்தான் சொன்னேன்’ என்று மாற்றிச் சொல்ல அங்கேதான் இடம் இருக்கிறது. ‘பணம் தருபவர்’ என்ற வரியையும் கேட்டு வாங்குங்கள். கூப்பிடுவது கல்லூரியாக இருக்கும், பணம் வேறொருவர் கணக்கிலிருந்து வரும். என் விஷயத்தில் அது எனக்கு டிசம்பரில்தான் தெரிந்தது.

தொடர் வகுப்பு எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே கல்லூரியில் நான்கு வகுப்பு, ஒன்றுக்கு 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வகுப்புவரை 45,000, பிடித்தம் இல்லாமலே வரக்கூடும். நான்காவதில் மொத்தம் 60,000 ஆகி வரம்பைத் தாண்டும். அப்போது தாண்டிய 10,000க்கு மட்டுமல்ல, முழு 60,000க்கும் 10 சதவீதம், அதாவது 6,000 பிடிப்பார்கள். கடைசி வகுப்புக்கு 15,000 வர வேண்டிய இடத்தில் 9,000தான் வரும். இது ஏமாற்று இல்லை, சட்டப்படி சரியான கணக்கு. ஆனால் முதல் கடிதத்திலேயே ‘மொத்தம் ரூ.60,000, வரி 10 சதவீதம் ரூ.6,000, நிகரம் ரூ.54,000’ என்று எழுதி, எந்தப் பிரிவு, அவர்கள் டான் எண் என்ன, வரி பிடித்த சான்றிதழை எப்போது தருவார்கள் என்பதையும் போடச் சொல்லுங்கள். இந்த மாதிரி இடத்தில் பான் எண்ணை நீங்களே முதலில் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 12,000 போய்விடும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. அதனால் பிரிவு எண்ணை நீங்கள் எழுத வேண்டாம், அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

போன மாதம் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளியில் கூப்பிட்டார்கள். 5,000 தருவதாகச் சொன்னார்கள். என் மாதிரிக் கடிதத்தை அனுப்பினேன். அலுவலகத்தில் இருக்கும் பெண் கூப்பிட்டு, “சார், தேதியை மட்டும் 10ஆம் தேதின்னு மாத்திக்கிடட்டுமா? எங்களுக்கு அன்னைக்குத்தான் செக் கையெழுத்தாகும்” என்று கேட்டார். தாராளமாக மாற்றுங்கள் அம்மா என்றேன். 10ஆம் தேதி மத்தியானம் 5,000 வந்தது.