38-ஐ வெட்டுவதா, 36-ஐ விரிப்பதா?

மண்டபத்து மதினிக்கு அக்குளை ஒட்டிய மேல்மார்பு 34 அங்குலம், மார்புச் சுற்றளவு 38. 36 அளவு தையல் பேட்டர்னில் தோளும் முதுகும் கச்சிதம். மார்பில் மட்டும் இறுக்கி, கைவளைவிலிருந்து சுருக்கம் இழுத்தது.

38-ஐ வெட்டினால் மார்பு பொருந்தும். ஆனால் தோள் சரியும், கழுத்து வாய் பிளக்கும். அப்புறம் பிரித்துத் தைத்தே பொழுது போகும்.

நான் 36-ஐத்தான் விரிப்பேன். முன்பாகத் தாளை இடுப்பிலிருந்து மார்புமுனைக்கும், அங்கிருந்து கைவளைவுக்கும் வெட்டுங்கள். கைவளைவுத் தையல்கோட்டில் நூலளவு ஒட்டியிருக்கட்டும். பக்க டார்ட் மடிப்பின் நடுவிலும் மார்புமுனை வரை வெட்டுங்கள். மார்புமுனையில் 1 அங்குலம் விரித்தால், இரண்டு முன்பாகமும் சேர்ந்து, குறைவாயிருந்த 2 அங்குலம் வந்துவிடும். பக்கத் துண்டு கீழே இறங்கும். நடுத்துண்டையும் அந்த அளவு நீட்டுங்கள். கைவளைவு மாறாததால் கைத்துண்டைத் தொட வேண்டியதில்லை. ஆனால் இடுப்பும் டார்ட்டும் அகலமாகும். டார்ட் ரொம்ப அகலமானால் அதன் முனை கூம்பி நிற்கும். இரண்டு டார்ட்டாகப் பிரித்துவிடுங்கள்.