மவுஸ் திக்கியது ஏன்? பிஐஓ, டிஎம்ஏ ஓர் அலசல்

சுங்கை சிப்புட்டில் நான் வேலை பார்க்கும் கடைக்கு, பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக் கிராணி ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியைத் தூக்கி வந்தார். "தம்பி, ஃபைல் காப்பி பண்ணா மவுஸ்கூட திக்கித் திக்கித்தான் நகருது. டிஸ்க் போச்சா?"

டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. Device Manager-இல் Primary IDE Channel-ஐத் திறந்து பார்த்தேன். Current Transfer Mode என்ற இடத்தில் PIO Mode என்று இருந்தது. கோளாறு அங்கேதான்.

பிஐஓ என்றால் டிஸ்கின் தரவைச் செயலியே நினைவகத்துக்குச் சுமக்கும் முறை. டிஎம்ஏ என்றால் அந்தச் சுமையை டிஸ்கைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் சிப் ஏற்கும் முறை. பிஐஓ முறையில் செயலி டிஸ்குக்காகச் சும்மா காத்துக் கிடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 64 கேபி படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்கை இயக்கும் மென்பொருளான டிரைவர் டிஸ்குக்குக் கட்டளை கொடுக்கிறது. கேட்ட நிரல் உறங்கப் போகிறது. செயலி வேறு நிரலை ஓட்டுகிறது. டிஸ்கின் தலை நகர்ந்து, தட்டு சுழன்று, உரிய இடம் வரச் சுமார் 10 மில்லிநொடி ஆகலாம். அந்த நேரம் இரண்டு முறையிலும் மிச்சம்தான். வேறுபாடு தரவைச் சுமப்பதில் இருக்கிறது.

பிஐஓவில் தரவு தயார் என்று செயலியைக் கூப்பிடும் இன்டரப்ட் வந்ததும், செயலியே 0x1F0 என்ற போர்ட்டிலிருந்து இரண்டிரண்டு பைட்டாக அள்ள வேண்டும். 64 கேபிக்கு 32,768 தடவை. பிஐஓவின் வேகமான 4ஆம் நிலையிலும் ஒரு தடவைக்கு 120 நானோநொடி ஆகும். மொத்தம் ஏறக்குறைய 4 மில்லிநொடி. செயலி எத்தனை கிகாஹெர்ட்ஸ் ஆனாலும் இது குறையாது, ஏனென்றால் வேகத்தை முடிவு செய்வது போர்ட். பெரிய ஃபைல் என்றால் இது ஓயாமல் தொடரும். கிராணியின் மவுஸ் திக்கியது இதனால்தான்.

டிஎம்ஏவில் டிரைவர் நினைவகத்தில் ஒரு சிறு அட்டவணை எழுதுகிறது: எந்த முகவரியில், எத்தனை பைட். ஒரு வரிக்கு அதிகபட்சம் 64 கேபி. அட்டவணை இருக்கும் இடத்தைக் கன்ட்ரோலரிடம் சொல்லிவிட்டுச் செயலி போய்விடும். கன்ட்ரோலரே நினைவகத்தில் நேராக எழுதி, முடிவில் ஒரே ஓர் இன்டரப்ட் அனுப்பும். டிரைவர் பிழை இருக்கிறதா என்று பார்த்து, உறங்கிய நிரலை எழுப்பி வரிசையில் நிறுத்தும். அதன் முறை வரும்போதுதான் அது ஓடும். இன்டரப்ட் வரும்வரை அந்த நினைவகப் பகுதியை யாரும் தொடக் கூடாது. தொட்டால் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கிடைக்கும்.

பிஐஓவுக்கும் இடம் உண்டு. டிஸ்க் தன்னைப் பற்றிச் சொல்லும் 512 பைட் தகவல் இந்த வகை டிஸ்கில் அந்த வழியில்தான் வருகிறது. அவ்வளவு சின்னதற்கு அட்டவணை போடுவது வீண்வேலை. மற்ற எல்லாவற்றுக்கும் டிஎம்ஏதான் என்பேன்.

பிறகு ஏன் எக்ஸ்பி பிஐஓவுக்கு இறங்கியது? டிஎம்ஏ பரிமாற்றத்தில் பிழைகள் ஆறு சேர்ந்தால் அது ஒரு படி வேகத்தைக் குறைக்கும். குறைத்துக் குறைத்துக் கடைசியில் பிஐஓவில் வந்து நிற்கும். பிழை போன பிறகும் தானாக மேலே ஏறாது. கிராணியின் பெட்டியில் 80 கம்பிக் கேபிள் மடிப்பில் நைந்திருந்தது. கேபிளை மாற்றினேன். ஆனால் PIO Mode அப்படியே இருந்தது. Primary IDE Channel-ஐ Uninstall செய்து இரண்டு தடவை மறுதொடக்கம் செய்ததும் Ultra DMA Mode 4 என்று வந்தது. கிராணி அதே ஃபைலைக் காப்பி பண்ணிக்கொண்டே பக்கத்தில் சம்பளப் பட்டியலைத் திறந்து பார்த்தார்.